முதல் பெரிய நூல் ஆர்டர்: "உங்க நூலை ஓட்டுற வேற ஆளு யாரு"ன்னு மில்லுகிட்ட கேட்டது தப்பா?

பனியன்_புதுசு

வணக்கங்க. திருப்பூர்ல சின்ன யூனிட், மூணு வருஷமா ஓடுது, இதுவரைக்கும் நூல் எல்லாம் டீலர்கிட்டதான் அஞ்சு பை பத்து பைன்னு வாங்குனேன். இப்ப ஒரு லோக்கல் பிராண்டுக்கு ரவுண்ட் நெக் டி-சர்ட் ஆர்டர் வந்திருக்கு, இருபதாயிரம் பீஸ் கிட்ட, நேவி, கருப்பு, பாட்டில் க்ரீன் மூணு கலர். 30ம் நம்பர் கோம்டு ஹோசியரி நூல், 4 டன் வேணும். திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லு நேரா தர்றேன்னு சொல்றாங்க, டீலர் ரேட்டை விட கிலோவுக்கு 8 ரூபா கம்மி. நான் அவங்க நூலை இதுவரைக்கும் தொட்டதே இல்ல.

அதனால மார்க்கெட்டிங் ஆளுகிட்ட "உங்ககிட்ட வாங்கி ஓட்டுற, என்னை மாதிரி டி-சர்ட் பண்ற ஒருத்தரோட நம்பர் குடுங்க, பேசிப் பாத்துட்டு அட்வான்ஸ் போடறேன்"னு கேட்டேன். ஒரு மாதிரி ஆயிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு கொல்கத்தாவுல ஒரு பார்ட்டி நம்பர் குடுத்தாரு, பேசுனேன், நல்ல நூலுங்க அஞ்சு வருஷமா வாங்குறோம்னாங்க. ஆனா அவங்க பண்றது முழுக்க வெள்ளை பனியன். இது போதுமா? இப்படி கேக்குறதே மரியாதைக் குறைவா? கேட்டா என்னென்ன கேக்கணும்?

கரூர்_தறி

தம்பி மில்லுக்காரன் நம்மகிட்ட ரெஃபரன்ஸ் கேக்குறது சகஜந்தான், கடனுக்கு நூல் குடுக்கறப்ப ரெண்டு பழைய பார்ட்டி பேரு, பேங்க் பேரு கேப்பாங்க. நானும் பெட்ஷீட்டுக்கு 2/40 வாங்கறப்ப குடுத்திருக்கேன். அதுக்கு ஏன் சங்கடப்படறீங்க, குடுத்துடுங்க.

பனியன்_புதுசு

அண்ணா அது இல்லீங்க, நான்தான் மில்லைக் கேட்டேன். அவங்க என்னைக் கேக்கல. நான் அட்வான்ஸ் கட்டித்தான் வாங்கப்போறேன்.

கரூர்_தறி

ஓ சரி சரி, தப்பா படிச்சுட்டேன். வாங்குறவன் கேக்குறதை எங்க பக்கம் நான் பாத்ததில்ல. ஏஜென்ட் சொல்றதுதான் எங்களுக்கு.

நிட்டிங்_மாமா

கேட்டது நூத்துக்கு நூறு சரி தம்பி. குடுத்த ஆள்தான் தப்பான ஆள். நான் 22 வருஷமா ஜாப் ஒர்க் நிட்டிங் ஓட்டுறேன், அதுல இருந்து சொல்றேன்.

வெள்ளை பனியன் ஓட்டுறவர்கிட்ட நூலைப் பத்தி கேட்டா உனக்கு வேணும்கிற விஷயம் அவர் கண்ணுக்கே பட்டிருக்காது. உன் ஆர்டர்ல ரெண்டு தப்பு வரலாம். ஒண்ணு பஞ்சுல கலந்து வர்ற பிளாஸ்டிக் நார், பேல் கட்டுற சாக்கு, உரச் சாக்கு இதுல இருந்து பிரிஞ்சு வர்ற வெள்ளை பிபி இழை. அது காட்டன் சாயத்தைக் குடிக்காது, அதனால நேவியில கருப்புல வெள்ளைப் புள்ளியா, சின்ன கோடா பளிச்சுன்னு நிக்கும். வெள்ளைத் துணியில அதே இழை இருந்தா யாருக்கும் தெரியாது, வெள்ளை பனியன்காரருக்கு கலர் பிளாஸ்டிக், சணல் இழை இதுதான் எதிரி. ரெண்டாவது பட்டை. ரெண்டு வேற பஞ்சுல நூத்த கோன் ஒரே மெஷின்ல ஏறிட்டா ஒவ்வொண்ணும் சாயத்தை வேற அளவுல இழுக்கும், துணியில குறுக்கால பட்டை பட்டையா நிக்கும், அதுவும் உன்னோட பாட்டில் க்ரீன், நேவி மாதிரி கலர்ல நல்லாவே தெரியும். வெள்ளையில அதுவும் தெரியாது. அதனால அந்த கொல்கத்தா பார்ட்டி பொய் சொல்லல, அவருக்கு அது நிஜமாவே நல்ல நூலுதான்.

நீ கேக்க வேண்டியது "30ம் நம்பர் கோம்டு, 24 கேஜ் சிங்கிள் ஜெர்சி, டார்க் கலர் சாயம் போடுற பார்ட்டி, ஒரு தடவைக்கு மேல வாங்குனவங்க"ன்னு வரிக்கு வரி சொல்லி கேளு. டி-சர்ட் பண்றவங்கன்னு சும்மா சொன்னா மெலாஞ்ச் பண்றவர் நம்பர் வரும், அதுல பட்டை கலவையிலேயே மறைஞ்சு போயிடும்.

மில்_மார்க்கெட்டிங்

நான் மில் சைடுல இருக்கேன், எங்க கஷ்டத்தையும் சொல்லிடறேன். கஸ்டமர் நம்பரை குடுக்கத் தயங்குறது நூல் மோசம்ங்கிறதுக்காக இல்ல. திருப்பூர்ல எல்லாரும் எல்லாருக்கும் போட்டி. நான் ஏ பார்ட்டி நம்பரை பி கிட்ட குடுத்தா ரெண்டு பேரும் முதல்ல பேசறது ரேட்டுதான். ஏ அஞ்சு வருஷமா வாங்குறவர், அவருக்கு ரெண்டு ரூபா கம்மி, அறுபது நாள் கிரெடிட். மறுநாள் காலைல பி எனக்கு போன் பண்ணி அதே ரேட் கேப்பாரு. ஏவும் "என் போட்டிக்காரனுக்கு என் நம்பரை ஏன் குடுத்த"ம்பாரு. போன வருஷம் இப்படி ஒரு நல்ல பார்ட்டியை நான் இழந்திருக்கேன்.

அதுக்குப் பதிலா உஸ்டர் ரிப்போர்ட் கேளுங்க. லாட் வாரியா தர்றோம், அதுல எல்லாம் தெரிஞ்சுடும், ஆள்கிட்ட பேச வேண்டிய தேவையே இல்ல.

நிட்டிங்_மாமா

ரேட்டு விஷயம் நீங்க சொல்றது நியாயம் சார், அதை மறுக்கல. தம்பி போன் எடுத்ததும் "அண்ணா நான் ரேட்டு கேக்க மாட்டேன், உங்க பையர் யாருன்னும் கேக்க மாட்டேன், துணி எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சா முக்கால்வாசி பேர் பேசுவாங்க. இதையே மில்லுகிட்டயும் முன்னாடியே சொல்லிடணும்.

ஆனா ரிப்போர்ட்ல எல்லாம் தெரிஞ்சுடும்ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். உஸ்டர்ல நூல் எவ்வளவு சீரா இருக்கு, தின் எத்தனை, திக் எத்தனை, நெப்ஸ் எத்தனை, ஹேரினஸ் எவ்வளவுன்னு வரும், நல்ல விஷயம், வாங்கத்தான் வேணும். ஆனா அது சில கோனை எடுத்து ஓட்டிப் பாத்தது. 80 பையில ரெண்டு பை வேற மிக்சிங்ல நூத்ததா இருந்தா அந்தக் காகிதம் சொல்லாது. அந்த ரெண்டு பையில இருக்கிற கோனும் தனியா சோதிச்சா அருமையான ரீடிங் காட்டும். பட்டை வர்றது நூல் மோசம்ங்கிறதால இல்ல, பக்கத்துல நிக்கிற கோன் வேறங்கிறதால.

சாயப்பட்டறை_அக்கா

ஈரோடு பக்கம் டையிங் யூனிட்ல ஆபீஸ் பாக்குறேன். பட்டைன்னு வந்தா கடைசில எங்க தலையிலதான் விடியும், "சாயம் சரியில்ல"ன்னு. அதனால எனக்கு இந்தப் பேச்சு ரொம்ப முக்கியம்.

பனியன்_புதுசு தம்பி, கணக்கு பாத்தீங்களா? 4 டன்னு, கிலோ 270ன்னு வச்சாலும் நூல் மட்டும் 10 லட்சத்து 80 ஆயிரம். 8 ரூபா கம்மில நீங்க மிச்சம் பண்றது 32 ஆயிரம். டார்க் கலர்க்கு சாயக்கூலி கிலோவுக்கு 100ன்னு வச்சுக்கிட்டா ஒரு டன் துணி பட்டையாச்சுன்னா சாயக்கூலி மட்டுமே ஒரு லட்சம் போச்சு, நிட்டிங் கூலி தனி, டெலிவரி தள்ளிப்போறது தனி. நெறைய மில் பில்லுக்குப் பின்னாடி பொடி எழுத்துல "நூலை துணியா மாத்துன பிறகு எந்த கிளெய்மும் ஏத்துக்க மாட்டோம்"னு போட்டிருப்பாங்க. பட்டையோ சாயம் போட்ட பிறகுதான் கண்ணுக்கே தெரியும்! அப்ப எப்ப கிளெய்ம் பண்றது?

அதனால ரெஃபரன்ஸ் ஆளுகிட்ட நூல் நல்லா இருக்கான்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. "கடைசியா எப்ப கம்ப்ளெயின்ட் வந்துச்சு, மில்லுல இருந்து ஆள் வந்தாங்களா, எத்தனை நாள்ல வந்தாங்க, டெபிட் நோட் போட்டப்ப நூல் விலை மட்டும் குடுத்தாங்களா இல்ல சாயக்கூலியும் சேத்தாங்களா"ன்னு கேளுங்க. கம்ப்ளெயின்ட்டே வந்ததில்லன்னு சொன்னா ஒண்ணு ரொம்ப கம்மியா வாங்குறவர், இல்ல சொந்தக்காரர்.

சொந்தக்காரர்னு சும்மா சொல்லல. எங்க பார்ட்டி ஒருத்தர் இப்படித்தான் ஒரு மில்லுல நம்பர் வாங்கி பேசி, ஆகா ஓகோன்னு கேட்டுட்டு 3 டன் எடுத்தாரு. பட்டைன்னா பட்டை. பின்னாடி பாத்தா நம்பர் குடுத்த கம்பெனி அந்த மில் முதலாளியோட மச்சான் கம்பெனி. ஜிஎஸ்டி தளத்துல அந்த கம்பெனி நம்பரைப் போட்டிருந்தாலே அட்ரஸ், சட்டப்படியான பேரு எல்லாம் தெரிஞ்சிருக்கும், ரெண்டு நிமிஷ வேலை.

டீலர்_தம்பி

இவ்வளவு எதுக்குங்க? ஒரு பை வாங்கி ஓட்டிப் பாருங்க, இருட்டு ரூம்ல யூவி லைட் போட்டு கோனைப் பாருங்க, வேற வேற பஞ்சா இருந்தா வெளிச்சம் வேற வேறயா தெரியும். முடிஞ்சது. எதுக்கு ஊரான்கிட்ட கேட்டுக்கிட்டு.

நிட்டிங்_மாமா

யூவி லைட் பாக்குறது நல்ல பழக்கம், அதை விட வேண்டாம். ஆனா பாதிதான் அது. பஞ்சு வேறன்னா காட்டும், முறுக்கு மாறியிருந்தா, கவுண்ட் 30க்கு பதிலா 29, 31னு அலைஞ்சா யூவி காட்டாது, அதுலயும் பட்டை வரும்.

அப்புறம் ஒரு பை கணக்கு. 30 இன்ச் சிங்கிள் ஜெர்சி மெஷின்ல 90 ஃபீடர், அதாவது ஒரே நேரத்துல 90 கோன் நிக்கணும். 50 கிலோ பையில ரெண்டு கிலோ சொச்சத்துல 24 கோன்தான் இருக்கும். ஒரு பை வாங்குனா கால் மெஷின்தான் நிறையும், மீதி ஃபீடர்ல பழைய மில் நூலைப் போட்டு ஓட்டுனா பட்டை கட்டாயம் வரும், ஏன்னா ரெண்டு மில் நூலு. நல்ல மில்லை நீயே கெட்ட பேர் சொல்லி அனுப்பிடுவ. முழு மெஷின் நிறைய குறைஞ்சது நாலு பை. அதுவும் வேற வேற பேலட்ல இருந்து நாலு பை.

அந்த நாலு பை அன்னைக்கு இருந்த நூலை மட்டுந்தான் சொல்லும். ரெஃபரன்ஸ் ஆள் சொல்றது வேற, காலம் முழுக்க மில் எப்படி நடந்துக்குதுன்னு. குறிப்பா புதுப் பஞ்சு மாறுற நேரம். அக்டோபர், நவம்பர்ல புது வரத்து ஆரம்பிக்கும், அதுவரைக்கும் பழைய ஸ்டாக் ஓட்டிட்டு இருந்த மில் புதுசுக்கு மாறும்போது மைக்ரோனேர் கொஞ்சம் மாறுனாலே சாயம் இழுக்குறது மாறும். பொறுப்பான மில் அங்க கோட்டை இழுத்து லாட் நம்பரை மாத்தி, கோன் டிப் கலரையும் மாத்தி அனுப்பும். பொறுப்பில்லாதது ரெண்டையும் ஒரே லாரில ஏத்தும். அதனால போன செப்டம்பர்ல ஒரு தடவை, ஜனவரில ஒரு தடவைன்னு வாங்குன ஆளைக் கேட்டுப் பிடி. ஒரே ஒரு தடவை வாங்குனவர் சொல்றது ஒரே ஒரு லாட் கதை.

பனியன்_புதுசு

மாமா, அக்கா ரொம்ப நன்றிங்க. நீங்க சொன்ன மாதிரியே எழுதி வாட்ஸ்அப்ல அனுப்புனேன், ரேட்டு கேக்க மாட்டேன்னும் போட்டேன். இன்னைக்கு மதியம் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு கிட்ஸ் வேர் பார்ட்டி நம்பர் வந்துச்சு. ஜிஎஸ்டி பாத்தேன், மில்லுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் எதுவும் தெரியல. முதலாளிகிட்ட பேசுனேன், "நல்லா இருக்குப்பா, வாங்கு"ன்னு ரெண்டே நிமிஷத்துல வெச்சுட்டாரு. அவரை மேல தொந்தரவு பண்ண மனசு வரல.

நிட்டிங்_மாமா

முதலாளிக்கு நூலைப் பத்தி தெரியாது தம்பி, பில்லு தெரியும். அவங்க துணி எங்க ஓடுதுன்னு மட்டும் கேளு, எந்த நிட்டிங், முடிஞ்சா ஃபேப்ரிக் செக்கிங் பண்றவர் பேரு. அவரோட அனுமதியோட போ, முதுகுக்குப் பின்னாடி போகாத, நாளைக்கு நீயும் அதே ஊர்ல தொழில் பண்ணணும். நிட்டிங்ல மெஷின் ஓட்டுற பையன்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடுத்து கேட்டா எல்லாம் சொல்வான், எத்தனை தடவை மெஷின் நிக்குது, ஓட்டை விழுதா, பஞ்சுத்தூசி எவ்வளவு பறக்குது, மெழுகு சரியா ஏறியிருக்கான்னு.

பட்டை வந்துச்சுன்னு யாராவது சொன்னா உடனே மில் மேல போடாத. ஒண்ணு கட்டாயம் கேளு, கோனை மாத்திப் பாத்தீங்களா? பட்டை ஒவ்வொரு சுத்துக்கும் அதே இடைவெளில வந்தா அந்த ஃபீடர்ல இருக்கிற கோனை எடுத்து வேற ஃபீடர்ல போடணும். பட்டை கோன் கூடவே நகர்ந்தா நூல் தப்பு. பழைய இடத்துலயே நின்னா மெஷின் தப்பு, அந்த ஃபீடர்ல டென்ஷனோ லூப் நீளமோ மாறியிருக்கு. நூலைக் குத்தம் சொல்ற பாதிப் பேர் இதைப் பண்ணிப் பாக்குறதே இல்ல.

மில்_மார்க்கெட்டிங்

மாமா சொன்ன கோன் மாத்துற விஷயத்தை ஒவ்வொரு கஸ்டமரும் செஞ்சா எங்க பாதி அலைச்சல் மிச்சம். இன்னொண்ணு, ரெஃபரன்ஸ் குடுத்தவரை மூணு பேர் நாலு பேர்னு மாத்தி மாத்தி கூப்பிடாதீங்க, ஒரு தடவை எல்லாத்தையும் கேட்டுக்கோங்க. அவர் எங்களுக்காக செய்யற உதவி அது.

பனியன்_புதுசு

மூணு நாள் கழிச்சு எழுதறேன். முதலாளிகிட்ட கேட்டு அவங்க ஓட்டுற நிட்டிங்கு போனேன், அங்க இருந்த செக்கிங் அண்ணா நல்லா பேசுனாரு. அவர் சொன்னது இது. போன வருஷம் ஆகஸ்ட்ல இருந்து வாங்குறாங்க, மொத்தம் ஆறு தடவை. ஓட்டம் நல்லா இருக்கு, ஓட்டை ரொம்ப கம்மி. ஜனவரில வந்த லோடுல மட்டும் நேவில பட்டை விழுந்துச்சு. கோனை மாத்திப் பாத்தாங்களாம், பட்டை கோன் கூட நகர்ந்துச்சாம். பாத்தா ஒரே லாரில ரெண்டு லாட் நம்பர், டிப் கலர் மட்டும் ஒண்ணு. மில்லுல இருந்து நாலாவது நாள் ஆள் வந்து பாத்துட்டு பிரிக்காத 11 பையைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க, நூல் விலையைக் கழிச்சாங்க, சாயக்கூலில பாதிதான் குடுத்தாங்க, அதுவும் ரெண்டு மாசம் இழுத்து. வெள்ளைப் புள்ளி பத்தி கேட்டேன், "இருக்கு, ஆனா கையால எடுக்குற அளவுதான், பீஸ் ரிஜெக்ட் ஆகுற அளவுக்கு வந்ததில்ல"ன்னாரு.

இப்ப எனக்கு குழப்பம், இது நல்ல ரெஃபரன்ஸா கெட்ட ரெஃபரன்ஸா?

சாயப்பட்டறை_அக்கா

என்னைக் கேட்டா நல்லதுதான் தம்பி. தப்பு எங்க வரும்னு இப்ப உங்களுக்குத் தெரியும், வந்தா மில் எவ்வளவு தூரம் இறங்கி வரும்னும் தெரியும். கொல்கத்தா நம்பர் இதுல எதையாவது சொல்லுச்சா? ஆனா பாதி சாயக்கூலிங்கிறது எனக்கு ஒத்துக்கல. ரெண்டு லாட்டைக் கலந்தது மில் தப்பு, அதுக்கு முழுசா குடுக்கணும்.

மில்_மார்க்கெட்டிங்

அக்கா, ரெண்டு லாட் நம்பர் பையிலயே எழுதியிருந்திருக்கே, ஓட்டறதுக்கு முன்னாடி நிட்டிங்ல பாத்திருக்கணும்ல? அதான் பாதி.

சாயப்பட்டறை_அக்கா

டிப் கலர் ஒண்ணா இருந்தா பையை விட்டு வெளிய எடுத்த கோனை எப்படிங்க பிரிக்கிறது? நிட்டிங்ல 90 கோனையும் பையோடயா மாட்டுவாங்க?

நிட்டிங்_மாமா

ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு, எங்க யூனிட்ல பை லேபிளை நோட்ல ஒட்டிட்டுத்தான் கோனை எடுப்போம், எல்லா இடத்துலயும் அப்படி இல்ல. தம்பிக்கு வருவோம். பிஓல ரெண்டு வரி சேத்து எழுது. 80 பையும் ஒரே லாட், லாட் மாறுனா முன்கூட்டி சொல்லி வேற டிப் கலர்ல தனியா அனுப்பணும். சாயம் போட்ட துணியில பட்டை வந்து கோன் மாத்திப் பாத்து நூல் தப்புன்னு ஆனா நிட்டிங், சாயக்கூலியும் சேத்து. ஒரே லாட்ல 4 டன் முடியாதுன்னு சொன்னா நம்பாத, 25 ஆயிரம் கதிர் இருக்கிற மில் 30ம் நம்பர்ல ஒரு நாளைக்கே பத்து டன்னுக்கு மேல நூக்கும். எந்த கலருக்கு எந்த பைன்னும் நீயே நோட் போட்டுக்கோ.

டீலர்_தம்பி

இவ்வளவு கண்டிஷன் போட்டா 8 ரூபா கம்மி ரேட் நிக்காது, பாருங்க. டீலர் ரேட்டுல இந்த ரிஸ்க் எல்லாம் சேந்துதான் இருக்கு.

பனியன்_புதுசு

டீலர்_தம்பி சொன்னது பாதி நடந்துச்சு. இன்னைக்கு மில்லுல பேசுனேன். ஜனவரி விஷயத்தை நானே சொன்னதும் மார்க்கெட்டிங் ஆள் ஒரு நிமிஷம் பேசல, அப்புறம் "ஆமாங்க, பேக்கிங்ல நடந்த தப்பு"ன்னு ஒத்துக்கிட்டாரு, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. ஒரே லாட்ல 80 பை ஒதுக்கி வெக்க சம்மதம், பத்து நாள் வரைக்கும், ஆனா 25 சதவீதம் அட்வான்ஸ். அதுல நாலு பையை முதல்ல எடுத்துட்டு வந்து முழு மெஷின்ல ஓட்டி, பாட்டில் க்ரீன்ல சாயம் போட்டுப் பாத்துட்டு மீதி 76 எடுக்கறேன்னு பேசியிருக்கேன். ரேட்டுல 2 ரூபா ஏத்திட்டாங்க, டீலரை விட இன்னும் 6 ரூபா கம்மிதான். சாயக்கூலி வரியை மட்டும் எழுத்துல தர மாட்டேங்குறாங்க, "முதலாளிகிட்ட கேட்டு சொல்றோம்"னு நிக்குது.

அக்கா, நாலு பை துணி 200 கிலோவுக்குள்ள வரும், அவ்வளவு சின்ன லாட்டை உங்க பட்டறைல தனி மெஷின்ல போட முடியுங்களா, இல்ல வேற பார்ட்டி துணியோட சேத்துத்தான் ஓட்டுவீங்களா?

சாயப்பட்டறை_அக்கா

200 கிலோ மெஷின் இருக்குதுங்க, தனியாவே போடலாம். வியாழக்கிழமைக்குள்ள க்ரே துணி வந்துடுச்சுன்னா சனிக்கிழமை பாத்துக்கலாம். ரோல்ல எந்த பை நூலுன்னு எழுதி அனுப்புங்க, மறந்துடாதீங்க.